மாவுக்கடைத் தம்பிக்கு நான் சொன்ன தப்பான பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் காபியோடு உட்கார்ந்தால் படித்து முடித்துவிடலாம். பொருளியல் பாடம் பற்றியது என்றதும் யாரும் ஓட வேண்டாம். இது ஒரு மாவுக்கடையின் கதை, என் தப்பின் கதையும் கூட.

உங்களுக்குத் தெரியும், நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியன். உங்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன். பொருளியல் என் பாடம் இல்லை. பேத்தி பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்த பிறகுதான் அவள் புத்தகத்தை நான் புரட்ட ஆரம்பித்தேன். நாலு விதியின் பேர் தெரிந்ததும் நாற்பது வருடம் நடத்தியவன் மாதிரி பேசவும் ஆரம்பித்துவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு தம்பி எங்கள் ஊரில் இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறான். ஒரே அறை, இரண்டு டில்டிங் கிரைண்டர், நாலு வேலையாட்கள். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான்.

"சார், பக்கத்துத் தெருவுல பெரிய இடம் ஒண்ணு வாடகைக்கு வருது. எடுக்கலாமான்னு யோசிக்கிறேன். ஆனா போன மாசம் அஞ்சாவதா ஒரு ஆள் போட்டுப் பாத்தேன், பதினஞ்சு கிலோதான் கூடுச்சு. இதுக்கே இப்படின்னா, இன்னும் பெருசாக்கினா இன்னும் மோசமாயிடுமோ?"

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னேன். "அதுக்கு ஒரு விதியே இருக்குப்பா. குறைந்து செல் விளைவு விதி. போடப் போட விளைச்சல் குறையும். இருக்கறதை வச்சு ஒழுங்கா நடத்து."

சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவன் அந்த இடத்தை விட்டுவிட்டான். இப்போது அங்கே வேறொருவர் கடை போட்டிருக்கிறார்.

சில மாதம் கழித்துப் பேத்தி ஒரு தேர்வுத்தாளோடு வந்தாள். கேள்வி இதுதான்: ஒரு நிறுவனம் தன் உள்ளீடுகள் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்குகிறது, உற்பத்தி ஒன்றரை மடங்குதான் ஆகிறது, இது எதைக் காட்டுகிறது? அவள் 'குறைந்து செல் இறுதிநிலை விளைவு' என்று எழுதியிருந்தாள். தப்பு என்று போட்டிருந்தார்கள். "தாத்தா, நீங்களும் இப்படித்தானே சொன்னீங்க?" என்றாள். நானும் அவள் பக்கம்தான் பேசினேன். பிறகு புத்தகத்தை முழுதாகப் படித்தபோதுதான், விடைத்தாள் திருத்தியவர் சரி, தப்பு நான் என்று புரிந்தது. உடனே நினைவுக்கு வந்தது மாவுக்கடை.

கல்லூரியில் பொருளியல் நடத்தும் பழைய மாணவி ஒருத்தியைத் தொலைபேசியில் பிடித்து வாரக்கணக்கில் தொந்தரவு செய்தேன். பிறகு தம்பியின் கடையில் போய் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அங்கே எழுதிய கணக்கைக் கொஞ்சம் முழு எண்ணாக்கித் தருகிறேன்.

முதலில், இப்போது இருக்கும் கடை. இரண்டு கிரைண்டர், ஒரு அறை, இதை மாற்றவே போவதில்லை. ஆளை மட்டும் ஒவ்வொருவராகக் கூட்டுவோம். ஒரே ஆள் இருந்தால் அவனே அரிசி கழுவி, ஊறவைத்து, போட்டு, வழித்து, பாக்கெட் கட்டி, கல்லும் கழுவ வேண்டும். கிரைண்டர் பாதி நேரம் சும்மா நிற்கும். நாளைக்கு 60 கிலோ மாவு. இரண்டாவது ஆள் வந்தால் ஒருவன் அரைக்க ஒருவன் கட்ட, 150 கிலோ. அதாவது இரண்டாவது ஆளால் கூடியது 90 கிலோ. மூன்றாவது ஆளோடு 220, கூடியது 70. நாலாவது ஆளோடு 260, கூடியது 40. ஐந்தாவது ஆளோடு 275, கூடியது வெறும் 15. ஆறாவது ஒருவனையும் உள்ளே விட்டால் 270 ஆகிவிடும். அந்த அறையில் ஆறு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் நிற்க முடியும்.

இந்த 90, 70, 40, 15 என்று இறங்குகிறதே, இதுதான் குறைந்து செல் இறுதிநிலை விளைவு. கடைசியாகச் சேர்ந்த ஆளால் எவ்வளவு கூடியது என்பதுதான் 'இறுதிநிலை'. ஐந்தாவது ஆள் சோம்பேறி என்று அர்த்தமில்லை. முதல் ஆளையும் ஐந்தாவது ஆளையும் இடம் மாற்றி வைத்தாலும் இதே எண்தான் வரும். கிரைண்டர் இரண்டே இரண்டு, சுற்றும் வேகமும் அதேதான். ஆள் கூடக் கூட ஒரு ஆளுக்குக் கிடைக்கும் கிரைண்டர் குறைகிறது. காரணம் அவ்வளவுதான்.

இரண்டு விஷயத்தை இங்கேயே கவனித்துவிடுங்கள். ஒன்று, இறுதிநிலை விளைவு குறைந்தாலும் மொத்த மாவு கூடிக்கொண்டுதான் போகிறது. 275 வரை ஏறித்தான் வருகிறது. 'விளைச்சல் குறையும்' என்று நான் தம்பியிடம் சொன்னதே அரைகுறை. குறைவது கூடுதலின் அளவு. இரண்டு, இரண்டாவது ஆள் முதல் ஆளைவிட அதிகம் கூட்டினான், 60க்குப் பிறகு 90. பிள்ளைகள் இதைப் பார்த்ததும் 'விகித அளவு விளைவு பெருகுகிறது' என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. கிரைண்டர் மாறவில்லை, ஆள் மட்டும் மாறினான். இதுவும் அதே முதல் விதியின் ஆரம்பக் கட்டம்தான்.

சரி, குறைய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டுமா? கூலி ஒரு ஆளுக்கு நாளைக்கு 600 ரூபாய். மாவு கிலோ 50க்கு விற்கிறான். அரிசி, உளுந்து, கரண்டு, பாக்கெட் எல்லாம் 30 போய்விடும். கையில் நிற்பது கிலோவுக்கு 20. நாலாவது ஆள் 40 கிலோ கூட்டுகிறான், 800 ரூபாய். கூலி போக 200 லாபம். ஐந்தாவது ஆள் 15 கிலோ, 300 ரூபாய். அவனுக்கு 600 கொடுத்தால் கைநஷ்டம். ஆக, தம்பி ஐந்தாவது ஆளை நிறுத்தியது சரி. அதை வைத்துப் பெரிய இடம் வேண்டாம் என்று நான் சொன்னதுதான் தப்பு.

ஏனென்றால் அவன் என்னிடம் கேட்டது வேறு கேள்வி. பெரிய இடம் என்றால் கிரைண்டரும் கூடும், இடமும் கூடும், ஆளும் கூடும். எது மாறாமல் நின்றதால் ஐந்தாவது ஆள் வீணானானோ, அதுவே அங்கே மாறப்போகிறது. மாறாமல் நிற்கும் பொருளே இல்லாதபோது முதல் விதிக்கு அங்கே என்ன வேலை?

இப்போது அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மடங்கில் கூட்டுவோம். இரண்டு கிரைண்டர் நாலாகட்டும், நாலு ஆள் எட்டாகட்டும், இடமும் இரட்டிப்பாகட்டும். (அரிசி உளுந்தை இந்தக் கணக்கில் நான் எடுக்கவில்லை. அது அப்படியே மாவாகிப் போகிறது. எத்தனை கிலோ மாவோ அதற்குத் தக்கபடி கூடவே வரும். நான் பார்ப்பது ஆள், இயந்திரம், இடம்.) முன்பு 260 கிலோ. இப்போது 520 வந்தால் மாறா விகித அளவு விளைவு. பழைய கடையைப் போலவே இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தது மாதிரி. 520க்கு மேலே போனால், 545 வந்தது என்று வையுங்கள், வளர்ந்து செல் விகித அளவு விளைவு. எட்டு பேர் இருந்தால் ஒருவன் நாள் முழுக்க ஊறவைக்கும் வேலை மட்டும் பார்க்கலாம், ஒருவன் கல் கழுவ மட்டும் நிற்கலாம். ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு போடும் வரை கிரைண்டர் சும்மா நிற்கும் நேரம் குறையும். அந்த 25 கிலோ அங்கிருந்து வருகிறது. 480தான் வந்தது என்றால் குறைந்து செல் விகித அளவு விளைவு. யார் எந்த ஈட்டுக்கு உப்புப் போட்டார் என்று தெரியாமல் இரண்டு பேர் போட்டு வைப்பது, ஒருவருமே போடாமல் விடுவது மாதிரி குழப்பங்கள் வர ஆரம்பித்தால் இப்படி ஆகும்.

பேத்தியின் கேள்வி இந்த மூன்றாவது வகை. எல்லா உள்ளீடும் இரண்டு மடங்கு, உற்பத்தி ஒன்றரை மடங்கு. குறைந்து செல் 'விகித அளவு' விளைவு. 'இறுதிநிலை' விளைவு இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் மதிப்பெண் போனது.

என்னை ரொம்ப நேரம் குழப்பிய இடம் அடுத்து வருவது. இரண்டு விதியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் ஒன்றுதான் நடக்கும், வளர்ந்து செல்வது இருந்தால் குறைந்து செல்வது இருக்காது என்று. அப்படியில்லை. நாலு கிரைண்டர், எட்டு ஆள், 545 கிலோ என்று வளர்ந்து செல்லும் அந்தப் பெரிய கடையையே எடுங்கள். அங்கே கிரைண்டர் நாலோடு நின்றுவிட்டது. ஏழு பேரிலிருந்து எட்டாவது ஆள் வந்தபோது 25 கிலோ கூடியது, ஒன்பதாவது ஆளைச் சேர்த்தால் 8 கிலோதான் கூடும். ஒரே கடை, ஒரே நாள். கடை முழுவதையும் பெருக்கிப் பார்த்தால் வளர்கிறது, ஆளை மட்டும் கூட்டிப் பார்த்தால் குறைகிறது. இரண்டும் உண்மை. இரண்டு வேறு கேள்விக்கு இரண்டு வேறு பதில், அவ்வளவுதான்.

தமிழில் வைத்த பேரும் இந்தக் குழப்பத்துக்குக் கொஞ்சம் காரணம் என்பது என் கருத்து. ஒன்றை 'மாறும் விகித விளைவு விதி' என்கிறோம், இன்னொன்றை 'விகித அளவு விளைவு விதி' என்கிறோம். தேர்வுக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் நிதானமாகப் பார்த்தால் பதில் பேரிலேயே இருக்கிறது. முதலாவதில் விகிதம் மாறுகிறது. ஒரு கிரைண்டருக்கு இரண்டு ஆள் என்று இருந்தது இரண்டரை ஆள் ஆகிறது. இரண்டாவதில் விகிதம் மாறவே இல்லை. இரண்டு கிரைண்டருக்கு நாலு ஆள், நாலு கிரைண்டருக்கு எட்டு ஆள், விகிதம் அதேதான், அளவுதான் பெரிதாகிறது. வகுப்பில் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு விதியை நடத்தினால் பாதிப் பிழை போய்விடும். நான் பார்த்தவரை பிள்ளைகள் வரையறையை ஒப்பிக்கிறார்கள், பேரைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

குறுகிய காலம், நீண்ட காலம் என்று சொல்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் விதி குறுகிய காலத்துக்கு, இரண்டாவது நீண்ட காலத்துக்கு என்று புத்தகம் சொல்லும். பிள்ளைகள் உடனே எத்தனை மாதம் என்று கேட்பார்கள். அது காலண்டர் கணக்கு இல்லை. ஏதாவது ஒரு உள்ளீடாவது மாற்ற முடியாமல் நின்றால் குறுகிய காலம். எல்லாவற்றையும் மாற்ற முடிந்தால் நீண்ட காலம். மாவுக்கடைக்கு இன்னொரு கிரைண்டர் வாங்கி இடம் பிடிக்க ஒரு மாதம் போதும். தென்னந்தோப்புக்காரருக்கு அதே 'நீண்ட காலம்' பல வருடம்.

இனி மூன்றாவது ஆள். பேரளவுச் சிக்கனம். இதுவரை கிலோ கணக்குப் பார்த்தோம். இது ரூபாய்க் கணக்கு. உற்பத்தி பெரிதாகும்போது, கடையையே அதற்கேற்றபடி மாற்றிக்கொள்ளும் வசதியோடு, ஒரு கிலோவுக்கு ஆகும் சராசரிச் செலவு இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. இங்கே எல்லாவற்றையும் ஒரே மடங்கில் கூட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

நிஜத்தில் யாரும் எல்லாவற்றையும் ஒரே மடங்கில் கூட்டுவதும் இல்லை. தம்பி அந்தப் பெரிய இடத்தை எடுத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்டேன். இன்னும் இரண்டு சின்ன கிரைண்டர் வாங்கியிருக்க மாட்டான். பெரிய கிரைண்டராகப் போட்டிருப்பான், ஆறு ஆளே போதும், அரிசி உளுந்தை மூட்டை மூட்டையாக மண்டியிலிருந்து நேராக எடுத்திருப்பான். கணக்குப் போட்டோம். இப்போதைய கடையில் 260 கிலோவுக்கு, நாலு ஆள் கூலி 2400, வாடகையும் இயந்திரச் செலவும் நாளைக்கு 500, ஆக 2900. கிலோவுக்கு 11 ரூபாய் சொச்சம். அதோடு பொருள் செலவு 30. மொத்தம் 41. புதிய இடத்தில் 520 கிலோ என்றால், ஆறு ஆள் கூலி 3600, வாடகையும் இயந்திரமும் 1200, ஆக 4800. கிலோவுக்கு 9 ரூபாய் சொச்சம். மொத்தமாக எடுப்பதால் பொருள் செலவு 28 ஆகும் என்றான். மொத்தம் 37. கிலோவுக்கு நாலு ரூபாய் இறங்குகிறது. இதுதான் பேரளவுச் சிக்கனம்.

இந்த நாலு ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். அதில் இரண்டு ரூபாய் மண்டியில் விலை குறைத்துக் கொடுத்ததால் வந்தது. ஒரு கிலோ மாவுக்கு அரிசி ஒரு பிடி கூடக் குறையவில்லை. கிலோ கணக்கில் எதுவுமே நடக்கவில்லை, ரூபாய் கணக்கில் மட்டும் நடந்தது. 'மொத்தக் கொள்முதல் தள்ளுபடியால் சராசரிச் செலவு குறைந்தது, எனவே வளர்ந்து செல் விகித அளவு விளைவு' என்று எழுதுவது இதனால்தான் தப்பு. மீதி இரண்டு ரூபாயோ, ஆள் ஒன்றரை மடங்கும் வாடகை, இயந்திரச் செலவு இரண்டரை மடங்கு அளவுக்கும் கூடியதில் வந்தது. விகிதமே மாறிவிட்டது. ஒரே மடங்கில் கூட்டாதபோது, அந்த எண்ணை வைத்து விகித அளவு விளைவு பற்றி நேராக எதுவும் சொல்ல முடியாது.

அப்படியானால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? ஒரு பக்கமாக ஒரு பாலம் உண்டு. கூலியும் விலையும் மாறாமல் இருக்கட்டும். எல்லா உள்ளீட்டையும் இரண்டு மடங்காக்கினால் செலவு சரியாக இரண்டு மடங்கு. உற்பத்தி இரண்டு மடங்குக்கு மேலே போனால் ஒரு கிலோவின் செலவு இறங்கத்தானே வேண்டும்? ஆகவே விலைகள் மாறாதபோது வளர்ந்து செல் விகித அளவு விளைவு இருந்தால் பேரளவுச் சிக்கனமும் இருக்கும். திரும்பி வரும் வழிதான் பத்திரமில்லை. சிக்கனம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, கிலோ கணக்கிலும் வளர்ச்சி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தள்ளுபடியால்கூட இருக்கலாம்.

கெட்டிக்காரப் பிள்ளைகளும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதை நிதானமாகச் சொல்கிறேன். பழைய கடைக்கே திரும்பி வாருங்கள். இரண்டு கிரைண்டர், ஒரு அறை. ஒரு கிலோவுக்குக் கூலியும் வாடகையும் சேர்ந்து எவ்வளவு என்று ஒவ்வொரு ஆளாகப் போட்டுப் பார்ப்போம். பொருள் செலவு 30 எப்போதும் அதேதான், விட்டுவிடுவோம். ஒரு ஆள் என்றால் 1100 ரூபாய்க்கு 60 கிலோ, கிலோவுக்கு 18.33. இரண்டு ஆள், 11.33. மூன்று ஆள், 10.45. நாலு ஆள், 11.15. ஐந்து ஆள், 12.73.

இறங்கி, ஏறுகிறது. படம் வரைந்தால் ஆங்கில 'யூ' எழுத்து மாதிரி வரும். இறங்குவதைப் பார்த்ததும் பிள்ளைகள் 'பேரளவுச் சிக்கனம்' என்கிறார்கள், ஏறுவதைப் பார்த்ததும் 'பேரளவுச் சிக்கனக்கேடு' என்கிறார்கள். இரண்டுமே இல்லை. கடை பெரிதாகவே இல்லையே! அதே அறை, அதே கிரைண்டர். ஆரம்பத்தில் இறங்கக் காரணம், 500 ரூபாய் வாடகைச் செலவு அதிகக் கிலோவுக்குப் பங்காகிறது, இரண்டாவது ஆளின் கைகொடுப்பும் சேர்கிறது. பிறகு ஏறக் காரணம், நாலாவது, ஐந்தாவது ஆள் கூட்டும் மாவு குறைந்துகொண்டே வருகிறது, கூலி மட்டும் அதே 600. அதாவது இந்த யூவின் வலது கை மேலே போவதற்குக் காரணம் குறைந்து செல் இறுதிநிலை விளைவுதான். (மூன்று ஆளில்தான் செலவு மிகக் குறைவு, ஆனால் லாபம் நாலு ஆளில்தான் அதிகம் என்று முன்பே பார்த்தோம். செலவு குறைந்த இடமும் லாபம் கூடிய இடமும் ஒன்றில்லை. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

நீண்ட காலச் சராசரிச் செலவுக் கோடும் புத்தகத்தில் அதே யூ வடிவத்தில்தான் இருக்கும். அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வேறு கடை. இந்தப் புள்ளியில் இரண்டு கிரைண்டர் கடை, அடுத்த புள்ளியில் பெரிய கிரைண்டர் கடை, அதற்கும் அப்பால் தொழிற்சாலை. அது இறங்குவது பேரளவுச் சிக்கனத்தால். ஏறினால், மேற்பார்வை கைமீறிப் போவது போன்ற காரணங்களால். எல்லாமே மாறக்கூடிய அங்கே, குறைந்து செல் இறுதிநிலை விளைவைக் காரணம் காட்ட முடியாது. படம் ஒன்று, காரணம் வேறு. பாடப்புத்தகங்கள் இந்த இரண்டு யூவையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைப்பதை நான் குறை சொல்வேன். ஒன்றை மாவுக்கடை மாதிரி ஒரு கடையின் எண்களோடு வைத்து, இன்னொன்றைப் பல கடைகளை வரிசையாக நிறுத்தி வைத்துக் காட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

இதில் வெட்கப்படவும் வேண்டாம் பிள்ளைகளே. கல்லூரி மாணவி சொன்ன ஒரு கதை எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. ஜேக்கப் வைனர் என்று ஒரு பெரிய பொருளியல் மேதை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1931இல் செலவுக் கோடுகள் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதில் சின்ன யூக்கள் பலவற்றை, அதாவது ஒவ்வொரு கடையின் குறுகிய காலக் கோட்டையும், வரைந்து, அவற்றை அணைத்தபடி ஒரு நீண்ட காலக் கோடு போட வேண்டும். அந்தக் கோடு ஒவ்வொரு சின்ன யூவின் அடிப்புள்ளி வழியாகவும் போக வேண்டும், அதே நேரம் எந்த யூவுக்கும் மேலே ஏறவும் கூடாது என்று படம் வரைபவரிடம் கேட்டார். வரைந்தவர் வாங் என்ற கணிதம் தெரிந்தவர். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அவர் சொன்னார். வைனர் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையில் செலவு இறங்கிக்கொண்டிருக்கும் பகுதியில், பெரிய கோடு சின்ன யூக்களை அடிப்புள்ளியில் தொடாது, அதற்கு இடது பக்கம் சரிவில்தான் தொடும். வாங் சொன்னதே சரி. பல வருடம் கழித்து வைனர் தப்பை ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டுரையை மறுபடி அச்சிட்டபோது அந்தப் படத்தைத் திருத்தவில்லை. பின்னால் வரும் ஆசிரியர்களும் மாணவர்களும் தன் பிழையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு கடைக்குள் மிகச் சிக்கனமான இடம் வேறு, எல்லாக் கடைகளையும் சேர்த்துப் பார்த்து இவ்வளவு மாவுக்கு மிகச் சிக்கனமான கடை வேறு. அந்த இரண்டும் அவருக்கே ஒரு நிமிடம் கலந்துவிட்டது.

ஆகவே கேள்வித்தாளைப் பார்த்ததும் பேத்தியிடம் நான் இப்போது கேட்கச் சொல்வது இதுதான். 'குறைகிறது', 'கூடுகிறது' என்ற சொல்லைத் தேடாதே. அது மூன்றிலும் வரும். முதலில் எது மாறாமல் நிற்கிறது என்று விடைத்தாள் ஓரத்தில் பென்சிலால் எழுது. நிலம், இயந்திரம், கட்டிடம் என்று ஏதாவது நிற்கிறது என்றால் மாறும் விகிதம், இறுதிநிலை. ஒன்றுமே நிற்கவில்லை, எல்லாம் ஒரே சதவீதம் கூடுகிறது, விடை கிலோவிலோ மூட்டையிலோ இருக்கிறது என்றால் விகித அளவு விளைவு. கடையே பெரிதாகிறது, விடை ரூபாயில் இருக்கிறது என்றால் பேரளவுச் சிக்கனம். ரூபாயில் இருந்தும் கடை பெரிதாகவில்லை என்றால், வைனர் கதையை நினைத்துக்கொண்டு சின்ன யூவுக்குப் போ.

சில கேள்விகள் வேண்டுமென்றே ஒன்றைச் சொல்லாமல் விடும். 'ஒரு நிறுவனம் வேலையாட்களை இரட்டிப்பாக்கியது, உற்பத்தி ஒன்றரை மடங்கானது' என்று மட்டும் இருக்கும். இயந்திரம் பற்றிப் பேச்சே இருக்காது. மற்றவை மாறவில்லை என்று சொல்லியிருந்தால்தான் முதல் விதிக்குப் போக முடியும். சொல்லாதபோது அந்த அனுமானத்தை விடையில் ஒரு வரி எழுதிவிட்டுப் பதில் சொல்லுங்கள். திருத்துகிறவர் நியாயமானவராக இருந்தால் மதிப்பெண் தருவார்.

மாவுக்கடைக்கு வருகிறேன். போன வாரம் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு, அன்று நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். சிரித்தான். "விடுங்க சார், அந்த இடத்துக்கு அட்வான்ஸும் ஜாஸ்திதான் கேட்டாங்க" என்றான். எனக்காகச் சொல்கிறான் என்று தெரிந்தது. மறுபடியும் ஒரு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். கிலோ 37 ரூபாய்க் கணக்கைக் காட்டினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "520 கிலோ அரைச்சுடலாம் சார். தினம் 520 கிலோ விக்குமா? ராத்திரி மிஞ்சினா மறுநாள் புளிச்சுடும்." நான் படித்த மூன்று விதியிலும் இதற்குப் பதில் இல்லை. அவை அரைக்கும் பக்கத்துக் கணக்கு, அவன் கேட்டது விற்கும் பக்கத்துக் கணக்கு. இந்த முறை தெரிந்த மாதிரி பேசவில்லை. எந்தெந்த ஓட்டல், எந்தெந்த மளிகைக் கடை தினம் எத்தனை கிலோ எடுக்கும் என்று முதலில் எழுதிக்கொண்டு வா, 400 கிலோவுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு விடுகிறேன். ஒரு தையல் கடை. நாலு மெஷின். மூன்று தையற்காரர் இருந்தால் நாளைக்கு 33 சட்டை, நாலு பேர் இருந்தால் 40, ஐந்து பேர் இருந்தால் 44. எட்டு மெஷின், எட்டு பேர், இரட்டிப்பு இடம் என்று போட்டால் 80 சட்டை. அப்போது துணிக்காரர் மீட்டருக்குக் கொஞ்சம் விலை குறைக்கிறார், வேறு எந்த விலையும் மாறவில்லை. இந்தக் கடையில் நான் சொன்ன மூன்றில் எவை இருக்கின்றன, எது எந்த எண்ணில் தெரிகிறது? அம்மா அப்பா செல்போனிலிருந்து எழுதினாலும் பரவாயில்லை, கீழே பெயர் போட்டு எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்துகிறேன், சிவப்பு மையில்லாமல்.